ஆறு மணி நேரத்துக்கு அம்பது ரூபா

திருவிடைமருதூர் பக்கம் டிரான்ஸ்பார்மர் எரிஞ்சா, லைன்மேனுக்கு போன் போட்டுட்டு காத்துக் கிடப்போம். நட்டஈடு கேட்கலாம்னு ஊரில் யாருக்கும் தெரியாது.

தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2004-லேயே விதி போட்டிருக்கு. எரிந்த டிரான்ஸ்பார்மரைச் சரிசெய்ய 48 மணி நேரம் கெடு. தாண்டினால், தாழ்வழுத்த இணைப்புக்கு ஒவ்வொரு ஆறு மணி நேரத் தாமதத்துக்கும் 50 ரூபாய். உச்சவரம்பு 2,000. புயல், வெள்ளத்துக்குக் கிடையாது.

ஐந்து நாள் இருட்டு என்று வையுங்கள். 120 மணியில் 48 போக 72. பன்னிரண்டு ஆறு மணி. ஒரு வீட்டுக்கு 600 ரூபாய்.

ஆனால் எப்போது புகார் கொடுத்தோம் என்பதற்குச் சான்று வேண்டும். லைன்மேனிடம் வாயால் சொன்னது கணக்கில் வராது. மின்னகத்தில் சொல்லி புகார் எண்ணை எழுதி வைக்கணும். பிறகு எழுத்தில் கேட்கணும். மறுத்தால் மின் நுகர்வோர் குறைதீர் மன்றம், அதற்கு மேல் மின் குறைதீர்ப்பாளர்.

600 ரூபாய்க்கு இத்தனை படி ஏற ஒரு நாள் கூலியை யார் விடுவான்? கருவியே கண்காணிக்கக்கூடிய குறைகளுக்கு நட்டஈடு தானாகவே தரணும்னு மத்திய அரசின் 2020 விதி சொல்லுது. பில் கட்ட ஒரு நாள் தவறினா அபராதம் தானா ஏறுது. அவங்க தவறினா மட்டும் நாம ஏன் மனு எழுதணும்?