ஓடுபாதைக்கு முன்னர் உணவு

வறண்ட வலயத்துக் கிராமமொன்றில் ஆசிரியை ஒருவர் இருபது பெண்பிள்ளைகளைச் சேர்த்து மெய்வல்லுநர் பயிற்சி கொடுத்து வருகிறார். பிள்ளைகளிற் பலர் இடம்பெயர்ந்து வந்த கமக்காரக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அந்தப் பயிற்சிக் கழகம் வெளிநாட்டு அறநிதியம் ஒன்றுக்கு அனுப்பவிருந்த விண்ணப்பத்தை வாசித்துக் கருத்துச் சொல்லும்படி என்னிடம் தந்தார்கள். கேட்கப்பட்ட பணத்தின் பெரும்பகுதி செயற்கை ஓடுபாதைக்கு. அடுத்து ஆணிச் சப்பாத்தும் சீருடையும். கடைசிப் பக்கத்தில் 'சிற்றுண்டி' என்று ஒரு வரி. எதிர்பார்க்கும் பெறுபேறு என்ற தலைப்பின் கீழ், மூன்று ஆண்டுகளில் தேசிய மட்டத்தில் மூன்று பதக்கங்கள் என எழுதியிருந்தது.

இந்த விண்ணப்பம் தலைகீழாக எழுதப்பட்டிருக்கிறது என்பதே எனது கருத்து. கடைசி வரி முதலாவதாக வரவேண்டும், முதலாவது வரி இப்போதைக்கு வரவே கூடாது. பதக்கம் பற்றிய வாக்குறுதியை அடியோடு எடுத்துவிட வேண்டும். உங்கள் பிள்ளைகளுக்காக யாரோ எழுதும் விண்ணப்பத்தில் உங்கள் கையொப்பமும் கேட்கப்படும். ஆகவே காரணங்களைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் ஓடுபாதை. கேரளத்தில் பி. ரி. உஷா 2002ஆம் ஆண்டு பெண்பிள்ளைகளுக்கென ஒரு மெய்வல்லுநர் பாடசாலையைத் தொடங்கினார். கொயிலாண்டியில் ஆரம்பித்த அது பின்னர் கோழிக்கோடு மாவட்டத்துக் கினாலூர் என்ற கிராமத்துக்கு மாறியது. காணியை மாநில அரசாங்கம் கொடுத்தது. அங்கே தொடக்க காலத்திலேயே சேர்ந்து பயின்றவர் கண்ணூர் மாவட்டத்துப் பிள்ளை டின்டு லூக்கா. 2010இல் குரோசியாவின் ஸ்பிளிற் நகரில் அவர் 800 மீற்றரை 1 நிமிடம் 59.17 செக்கனில் ஓடி, 1995 முதல் நிலைத்திருந்த இந்தியத் தேசிய சாதனையை முறியடித்தார். 2014 ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெள்ளிப் பதக்கமும் பெற்றார். அந்தப் பாடசாலைக்குச் சொந்தமான செயற்கை ஓடுபாதை திறக்கப்பட்டதோ 2017ஆம் ஆண்டில்.

இந்த ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். சாதனை வந்து ஏழு ஆண்டுகளின் பின்னரே செயற்கைத் தரை வந்தது. இன்னொன்றும் தெரிகிறது: பயிற்சி தொடங்கியதிலிருந்து சாதனை வரை எட்டு ஆண்டுகள். அதுவும் உலகறிந்த ஓட்ட வீராங்கனை ஒருவர் நாள்தோறும் பக்கத்தில் நின்று பழக்கி, அரசாங்கம் காணியும் கொடுத்த இடத்தில். நமது கிராமத்து ஆசிரியை மூன்று ஆண்டுகளில் மூன்று பதக்கம் என்று எழுதினால், அறநிதியத்தில் விடயம் தெரிந்தவர் எவரும் அந்த வரியில் பேனாவை வைத்துவிடுவார்.

செயற்கைத் தரை இல்லாமல் எங்கே ஓடுவது? புல்தரையில் ஓடலாம். 400 மீற்றர் ஓடுபாதை என்பது 84.39 மீற்றர் நீளமான இரண்டு நேர்கோடுகளும் இரண்டு அரைவட்டங்களும்தான். விளிம்புக் கட்டு இல்லாமல் சுண்ணாம்புக் கோடு மட்டும் போடுவதானால், 36.60 மீற்றர் நீளக் கயிற்றை ஒரு முளையில் கட்டி அரைவட்டத்தைக் கீறினாற் போதும். கோட்டிலிருந்து 20 சென்ரிமீற்றர் வெளியே ஓடுவதாகக் கணக்கிட்டால் ஒரு சுற்றுச் சரியாக 400 மீற்றர் வரும். நனைந்தால் நீளுகின்ற கயிற்றைப் பாவிக்காமல் அளவுநாடாவால் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது. கல்லும் கிடங்கும் இல்லாமல் நிலத்தைச் சமப்படுத்துவதுதான் உண்மையான வேலை. அது மண்வெட்டி பிடித்தவர்களுக்குப் புதிதல்ல.

இனி உணவு. உஷா 1984இல் லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீற்றர் தடைதாண்டலில் ஒரு செக்கனின் நூறில் ஒரு பங்கால் வெண்கலத்தை இழந்தவர். அங்கே தனக்கு ஒத்துக்கொண்ட உணவாகக் கிடைத்தது கஞ்சியும் ஊறுகாயும் மட்டுமே என்றும், கடைசி 35 மீற்றரில் அதன் விளைவு தெரிந்தது என்றும் அவர் பல ஆண்டுகளின் பின் சொன்னார். ஒலிம்பிக்கில் நூறில் ஒரு பங்கென்றால், நமது மைதானத்தில் அது மயங்கி விழுவதாகவே வரும்.

வளரும் பெண்பிள்ளைக்கு இரும்புச்சத்து அதிகம் தேவை. மாதவிலக்கு தொடங்கியதும் இழப்பும் சேர்ந்துகொள்கிறது. அதன்மேல் நாள்தோறும் ஓடுகிறாள். குருதியில் ஈமோகுளோபின் டெசிலீற்றருக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால், 12 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்பிள்ளைக்கு அது குருதிச்சோகை. வெளியே தெரியும் அடையாளம் இப்படி இருக்கும்: பயிற்சி குறையவில்லை, ஆனால் போன தவணை ஓடிய நேரத்தைவிட இப்போது பிந்துகிறாள். கால் பாரமாக இருக்கிறது என்கிறாள். கீழ் இமையின் உட்புறம் வெளிறியிருக்கிறது. அனுபவமில்லாத பயிற்றுநர் இதைச் சோம்பல் என்று எண்ணி இன்னும் இரண்டு சுற்று ஓட விடுகிறார். போதிய உணவில்லாமல் ஓடுவதன் இன்னோர் அடையாளம், வந்துகொண்டிருந்த மாதவிலக்கு மூன்று மாதங்களாக வராமல் நின்றுபோவது. அதை 'ஓடுகிற பிள்ளைக்கு அப்படித்தான்' என்று விட்டுவிடக்கூடாது. எலும்பு மெலிந்து முன்காலில் வெடிப்பு விழுவதற்கும் அதுவே வழி.

ஆகவே விண்ணப்பத்தில் உணவை எப்படி எழுதலாம் என்று கணக்கிட்டுப் பார்த்தோம். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு முட்டை, 60 கிராம் உலர்ந்த கௌபி அல்லது பயறு. ஆண்டுக்கு 300 பயிற்சி நாட்கள். இருபது பிள்ளைகளுக்கு 6,000 முட்டைகளும் 360 கிலோ கௌபியும் வேண்டும். அந்தக் கௌபி ஏறக்குறைய ஓர் ஏக்கரின் விளைச்சல். கீரையும் நெத்தலியும் தேசிக்காயும் ஊரிலேயே கிடைக்கும். தேசிக்காய்ப் புளி இரும்புச்சத்து உடலிற் சேர உதவும். சாப்பாட்டோடு குடிக்கும் தேநீர் அதைத் தடுக்கும், ஆகவே ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடிக்கட்டும். இதற்குச் செலவில்லை, ஆனால் வீட்டிலும் கடைப்பிடித்தாற்றான் பலன்.

இங்கே இரண்டு விடயங்களில் நான் பிடிவாதமாக இருந்தேன். ஒன்று, உணவை ரூபாயில் மட்டும் எழுதாமல் அளவிலும் எழுத வேண்டும். 2022 செப்ரெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 90 சதவீதத்தைத் தாண்டியது. முன்னைய ஆண்டு ரூபாய்க் கணக்கில் ஒப்பந்தம் செய்தவர்கள் பாதி முட்டைதான் வாங்கியிருப்பார்கள். 'ஆளுக்கு ஒரு முட்டை' என்று அளவை ஒப்பந்தத்தில் வைத்து, ஆண்டுதோறும் விலையைத் திருத்திக்கொள்ளலாம் என்று ஒரு வாசகம் சேர்த்தாற் போதும். மற்றது, அறநிதியங்கள் 'உள்ளூர்ப் பங்களிப்பு' எவ்வளவு என்று கேட்கும். உடனே பெற்றோர் கௌபியை இலவசமாகத் தருவார்கள் என்று எழுதிவிடுகிறோம். காணியை இழந்து வந்து குத்தகை நிலத்திற் பயிர் செய்பவரிடம் இலவசம் கேட்பது முறையல்ல. கௌபியை அவர்களிடமே சந்தை விலைக்கு வாங்குவோம். மைதானத்தைச் சமப்படுத்தும் சிரமதான நாட்களை ஊரிலுள்ள நாட்கூலி விகிதப்படி பெறுமதியிட்டு, அதையே பங்களிப்பாகக் காட்டுவோம். அது பொய்யான கணக்கல்ல, நிதியங்கள் ஏற்றுக்கொள்ளும் முறைதான்.

பெறுபேறுகளுக்கு வருவோம். பதக்கத்தை வாக்களித்தால் என்ன நடக்கும்? இரண்டாம் ஆண்டு அறிக்கை நெருங்கும்போது, கெட்டிக்காரப் பிள்ளை ஒருத்தியை ஒரே போட்டியில் நான்கு நிகழ்ச்சிகளில் ஓட விடுவார்கள். நோவை மறைக்கச் சொல்வார்கள். வயதைக் குறைத்துக் காட்டவும் சிலர் துணிவார்கள். மற்றப் பத்தொன்பது பேரும் வேலியோரத்தில் நிற்பார்கள். வாக்குறுதி பயிற்றுநரை அங்கே தள்ளுகிறது.

அதற்குப் பதிலாக நாம் எழுதியவை சில. இருபது பேரில் எத்தனை பேர் ஆண்டு முடிவிலும் பயிற்சியிலும் பாடசாலையிலும் இருக்கிறார்கள்? அவர்களில் எத்தனை பேர் சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றினார்கள்? தொடக்கத்தில் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் உதவியோடு ஈமோகுளோபின் பார்த்து, ஆறு மாதத்தின் பின் மீண்டும் பார்த்தால், 12க்குக் கீழே இருந்தவர்களில் எத்தனை பேர் மேலே வந்திருக்கிறார்கள்? இரும்புக் குளிசையை வைத்தியர் சொல்லித்தான் கொடுக்க வேண்டும், பயிற்றுநர் அல்ல. நோவினால் இழந்த பயிற்சி நாட்கள் எத்தனை? ஓட்ட நேரத்தைப் பொறுத்தவரை ஒவ்வொரு பிள்ளையையும் அவளது பழைய நேரத்தோடு மட்டும் ஒப்பிடுவோம்.

அதிலும் ஓர் எச்சரிக்கை. கையால் அழுத்தும் கடிகாரம் மின்னியல் கடிகாரத்தைவிட ஏறக்குறைய கால் செக்கன் குறைவாகக் காட்டும். ஆகவே 100 மீற்றரில் 0.2 செக்கன் முன்னேற்றம் என்பது பிள்ளையின் முன்னேற்றமா, அழுத்திய விரலின் வேகமா என்று சொல்ல முடியாது. 800 மீற்றரில் ஐந்து செக்கன் குறைந்தால் அது உண்மையான முன்னேற்றம். பூப்படையும் காலத்தில் உடல் மாறும்போது ஓராண்டு நேரம் அப்படியே நிற்கலாம், சற்றுப் பிந்தவும் செய்யலாம். இதை விண்ணப்பத்திலேயே எழுதி வைத்தால், 13 வயதுப் பிள்ளை தோற்றுவிட்டாள் என்று யாரும் அவளை நிறுத்தமாட்டார்கள்.

பெற்றோர் கையொப்பமிடும் பக்கத்தில் நான் சேர்க்கச் சொன்னவை வேறு. தண்ணீர் வசதியுள்ள, உள்ளே தாழ்ப்பாள் போடக்கூடிய மலசலகூடமும் மாதவிலக்குத் துணிக்கான செலவும் முதலாண்டு வரவுசெலவிலேயே இருக்க வேண்டும். போட்டிக்குப் போய் இரவு தங்கும்போது பெண் பொறுப்பாளர் ஒருவர் கட்டாயம் கூடப்போக வேண்டும். பயிற்றுநரோடு எந்தப் பிள்ளையும் தனித்து இருத்தல் கூடாது. முறைப்பாடு செய்யக் கழகத்துக்கு வெளியே ஒருவர் இருக்க வேண்டும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கத்தைப் பிள்ளைகளின் கையிலேயே கொடுத்துவிட வேண்டும். காலில் எலும்பு வெடித்தால் வைத்தியசாலைக்குப் போக்குவரத்தும் படப்பிடிப்புச் செலவும் யாருடையவை என்பதை எழுதாமல் கையொப்பம் வாங்கக்கூடாது. எழுதப்படாத செலவு கடைசியில் குடும்பத்தின் தலையில்தான் வரும்.

நிதியங்களின் பணம் பெரும்பாலும் தவணையாகவே வரும். கணக்கறிக்கை பிந்தினால் அடுத்த தவணையும் பிந்தும். ஆகவே முதற் தவணையிலேயே மூன்று மாத உணவுக்கான பணத்தைத் தனியாக வங்கியில் ஒதுக்கி, ஆசிரியையும் பெற்றோர் பிரதிநிதி ஒருவரும் சேர்ந்து ஒப்பமிட்டே எடுக்கும்படி வைக்கச் சொன்னேன். திருத்திய விண்ணப்பத்தில் செயற்கை ஓடுபாதை இல்லை. மூன்றாம் ஆண்டு முடிவில் இருபது பிள்ளைகளின் பதிவேட்டைப் பார்த்த பின்னர் அதைப் பற்றி வேறொரு விண்ணப்பம் எழுதலாம் என்று ஆசிரியை இணங்கியிருக்கிறார்.