கேம் மோடு போட்டா அம்மா கால் வருமா?

மொபைலில் மணிக்கணக்காக விளையாடுகிற எல்லாரும் ஒரே புலம்பலைத்தான் புலம்புவார்கள். எதிரணியில் ஒரே ஒருத்தன் மிச்சம், குறியும் சரியாக இருக்கிறது, சுடப்போகிற நேரம் பார்த்து மேலேயிருந்து ஒரு பட்டை இறங்கும். வீட்டிலிருந்து கால்! விரல் தெரியாமல் அதில் பட்டு கால் எடுபட்டுவிடும். கேமில் ஆள் நட்டுவைத்த கம்பம் மாதிரி நிற்பான். எதிராளி சாவகாசமாக வந்து சுட்டுவிட்டுப் போவான்.

இதற்குப் பயந்துதான் கேம் மோடில் இருக்கிற அத்தனை ஸ்விட்சையும் ஆன் செய்துவிடுகிறார்கள். பிரச்சினை ஆரம்பிப்பதே அங்கேதான்.

கேம் மோடுகளில் இரண்டு விதமான அமைதி உண்டு. ஒன்றில் சத்தமும் வராது, பட்டையும் வராது. ஆனால் கால் பின்னால் அடித்துக்கொண்டே இருக்கும். சில கம்பெனி போன்களில் இன்னொன்றும் இருக்கிறது. கால் வந்தவுடனே போனே அதைக் கட் பண்ணிவிடும். விளையாடுகிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான். கூப்பிடுகிறவருக்கு அப்படியில்லை. முதலாவதில் ரிங் முழுசாகப் போகும், "குளிக்கப் போயிருப்பான்" என்று நினைத்துக்கொள்வார்கள். இரண்டாவதில் "மூணு தடவை போட்டேன், மூணு தடவையும் கட் பண்றான்" என்றுதான் தோன்றும். அப்பாவை அவசரமாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற ராத்திரியில் ஒரு அம்மாவுக்கு அப்படித் தோன்றினால் எப்படி இருக்கும்? அந்த நேரத்தில் பையன் ரேங்க் ஏற்றிக்கொண்டிருந்தான் என்பதைப் பிறகு எப்படிச் சொன்னாலும் நன்றாக இருக்காது.

ஆகவே, அழைப்பைக் கட் பண்ணும் ஸ்விட்சைத் தொடவே கூடாது. அமைதி வேண்டும் என்றால் போனில் இருக்கும் Do Not Disturb போதும். புதிய ஆண்ட்ராய்டு போன்களில் சிலவற்றில் இது Modes என்ற தலைப்புக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. அதற்குள் அழைப்புகள் என்ற இடத்தில் நட்சத்திரக் குறியிட்ட தொடர்புகளை மட்டும் அனுமதிக்கலாம். வீட்டு ஆட்கள் மூன்று நான்கு பேருக்கு மட்டும் நட்சத்திரம் வைத்தால் போதும். நண்பர்கள் எல்லாருக்கும் வைத்தால் மறுபடியும் பழைய கதைதான் :-)

அதுகூட வேண்டாம் என்கிறவர்களுக்கு Repeat callers என்று ஒன்று இருக்கிறது. ஒரே ஆள் 15 நிமிடத்துக்குள் இரண்டாவது முறை கூப்பிட்டால் ஆண்ட்ராய்டு அதை உள்ளே விட்டுவிடும். ஐபோனில் இதே வசதிக்கு அவகாசம் 3 நிமிடம்தான். ஆனால் வீட்டில் இருப்பவர்களுக்கு இது தெரியாவிட்டால் பிரயோஜனமில்லை. "அவசரம்னா உடனே ரெண்டாவது தடவை அடிங்க" என்று ஒருமுறை சொல்லிவைக்க வேண்டும். போன் தானே கட் பண்ணும் ஸ்விட்ச் ஆனில் இருந்தால் இந்த விதியை நம்பவும் முடியாது.

"அப்படிக் கால் வந்தால் மேட்ச் போயிடுமே, டீமில் இருக்கிறவன் திட்டுவானே?" என்று கேட்பவர்கள் உண்டு. போகும்தான். இழந்த புள்ளியை நாளைக்கு ராத்திரி எடுத்துவிடலாம், அவ்வளவுதான் விஷயம்.

சரி, மீதி விஷயம். எல்லாவற்றையும் அமைதியாக்கிய பிறகும் கேம் இழுக்கிறது என்பார்கள். உடனே கேம் மோடைத் திட்டுவார்கள், அல்லது கன்ட்ரோலரை. காரணம் எது என்று பிரித்துப் பார்ப்பது ஒன்றும் கஷ்டமில்லை. ஹாஸ்டலில் ராத்திரி 9 மணிக்கு உட்கார்ந்து 11 வரை கால் ஆஃப் டூட்டி மொபைல் விளையாடப்போகிற ஒரு மாணவனை எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் கேம் மோடில் எஃப்.பி.எஸ். காட்டும் எண்ணை ஆன் செய்கிறான். பெர்ஃபார்மன்ஸ் மோடையும் போடுகிறான். 9 மணிக்கு எண் 60-இல் நிற்கிறது. 9.40-க்கு 60-க்கும் 40-க்கும் நடுவில் ஆடுகிறது, போனின் முதுகும் சுடுகிறது. இது சூட்டுப் பிரச்சினை. பெர்ஃபார்மன்ஸ் மோடு சிப்பை வேகமாக ஓடவிடுகிறது. சூடு எல்லை தாண்டியதும் போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கிறது. சார்ஜில் போட்டுக்கொண்டே விளையாடினால் இன்னும் சீக்கிரம் குறையும். பத்து நிமிஷ ஆட்டத்துக்கு பெர்ஃபார்மன்ஸ் சரி. இரண்டு மணி நேர ஆட்டத்துக்கு சாதாரண மோடும், ஒரு படி குறைந்த கிராபிக்ஸும், கவர் கழற்றிய போனும்தான் கடைசிவரை தாங்கும்.

எஃப்.பி.எஸ். அசையாமல் 60-இல் நின்று, பிங் மட்டும் எகிறினால் கோளாறு நெட்வொர்க்கில். இரண்டு சிம் போடுகிறவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல போன்களில் ஒரு சிம்மில் டேட்டா ஓடும்போது இன்னொரு சிம்மில் கால் வந்தால் டேட்டா நின்றுவிடும், ஏனென்றால் ரேடியோவை இரண்டு சிம்மும் பங்குபோடுகின்றன. சத்தத்தை அடக்கினாலும் கால் வருவது நிற்காதே! திரையில் ஒன்றும் தெரியாது, மேட்ச் மட்டும் சில விநாடி உறைந்துபோகும். விளையாடி முடித்தபின் மிஸ்டு கால் நேரத்தைப் பார்த்தால் கணக்குச் சரியாக இருக்கும். வைஃபையில் விளையாடினால் இந்தத் தொல்லை இல்லை.

எஃப்.பி.எஸ்., பிங் இரண்டும் சரி, பட்டன் அழுத்தினால் மட்டும் தாமதமாகச் சுடுகிறது என்றால் அடுத்த சந்தேகம் கன்ட்ரோலரின் புளூடூத் மேல். கன்ட்ரோலர், புளூடூத் இயர்போன், 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மூன்றும் ஒரே அலைவரிசையில் நெருக்கியடித்துக்கொண்டு ஓடுகின்றன. வைஃபையை 5-க்கு மாற்றி, இயர்போனை ஒயர் உள்ளதாக மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். 2024-இல் வந்த ஐஓஎஸ் 18-இன் கேம் மோடு ஏர்பாட்ஸுக்கும் கன்ட்ரோலருக்கும் உள்ள தாமதத்தைக் குறைக்கிறது, அதுவும் தானாகவே. ஆண்ட்ராய்டில் இது போனுக்குப் போன் மாறும்.

இணைப்பதை கேம் திறப்பதற்கு முன்பே முடித்துவிடுவது நல்லது. பிளேஸ்டேஷன் 4 கன்ட்ரோலரில் SHARE பட்டனையும் PS பட்டனையும் சேர்த்து, விளக்கு வேகமாக மினுங்கும்வரை அழுத்த வேண்டும். வெறும் PS பட்டனை அழுத்தினால் அது பழையபடி கன்சோலைத்தான் தேடும். பழைய எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்ட்ரோலர்கள் சிலவற்றில் புளூடூத்தே கிடையாது, செகண்ட்ஹேண்டில் வாங்குகிறவர்கள் உஷார்!

காசு போடும் முன் கேமையும் பார்க்க வேண்டும். கால் ஆஃப் டூட்டி மொபைலில் 2019-லிருந்தே அதிகாரபூர்வ ஆதரவு இருக்கிறது. கன்ட்ரோலர்காரர்களை கன்ட்ரோலர்காரர்களோடு மோதவிடுவதால் யாருக்கும் அநியாயமில்லை. பப்ஜி வகையறாவில் அந்த ஆதரவு இல்லை. பட்டனைத் தொடுதலாக மாற்றித்தரும் ஆப்களைப் போட்டு விளையாடினால் அக்கவுன்டுக்கே ஆபத்து வரலாம். இரண்டாயிரம் மூவாயிரம் கொடுத்து வாங்கி, கடைசியில் அலமாரியில் வைக்கிற கூட்டம் இதனால்தான்.

மொத்தத்தில் கன்ட்ரோலர் இல்லாமல் விளையாடலாம், கேம் மோடு இல்லாமலும் விளையாடலாம். நோட்டிபிகேஷனை அடக்காமல் இரண்டு மணி நேரம் நிம்மதியாக விளையாட முடியாது. அதனால்தான் அதை அவசரத்தில் தட்டிவிடாமல், யாரை உள்ளே விடுவது என்று யோசித்து ஒருமுறை செட் பண்ண வேண்டும். ஐந்து நிமிஷ வேலைதான்.

பி.கு.: செட் பண்ணியபிறகு பக்கத்து ரூம்காரன் போனிலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டுச் சோதித்துவிடவும். இரண்டாவது ரிங் கேட்காவிட்டால் எங்கோ ஒரு ஸ்விட்ச் இன்னும் கட் பண்ணிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.