எல்லாக் கணினிகளிலும் தமிழ் வேண்டும்: அதிபருக்கு ஒரு கடிதம்

மதிப்புக்குரிய அதிபர் அவர்களுக்கு,

கணினி ஆய்வுகூட உதவியாளராகிய நான் இந்தக் கோரிக்கையை ஏற்கெனவே இரண்டு முறை வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறேன். வாய்ப் பேச்சு இன்டர்வெல் மணியோடு மறந்து போய்விடுகிறது. அதனால்தான் எழுதித் தருகிறேன். சஞ்சிகைக் குழுவினர் கேட்டபடியால், மாணவியரும் பெற்றோரும் வாசிக்கும்படி இதே கடிதத்தை இங்கும் தருகிறேன். இதில் அவர்களுடைய சங்கடமும் இருக்கிறது.

சென்ற தவணையில் நடந்ததில் இருந்தே தொடங்குகிறேன். இந்தச் சஞ்சிகைக்காகப் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி ராகலையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினாள். ஆய்வுகூடத்தின் மூன்றாம் இலக்கக் கணினியில் இரண்டு பாடவேளை இருந்து அடித்து, பென் ட்ரைவில் எடுத்துப் போனாள். மறுநாள் அந்தக் கணினியில் வேறு வகுப்பு இருந்தது. ஒன்பதாம் இலக்கக் கணினியில் திறந்து பார்த்தவள் ஓடி வந்தாள். "மிஸ், நேத்து அடிச்சதெல்லாம் இங்கிலீஷா வருது!" திரையில் கட்டுரையின் தலைப்பு இப்படி நின்றது:

```
uhfiy
```

அவள் அடித்தது "ராகலை". பிள்ளை கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழத் தொடங்கினாள். வைரஸ் என்று பக்கத்தில் இருந்தவள் சொன்னாள். கோப்பு கெடவும் இல்லை, வைரஸும் இல்லை. அந்தக் கணினிக்குள் தமிழ் ஒருபோதும் இருக்கவே இல்லை என்பதுதான் உண்மை.

எமது ஆய்வுகூடத்தில் இருபது கணினிகள் இருக்கின்றன. அவற்றில் நான்கில் மட்டும் பாமினி எழுத்துரு போடப்பட்டிருக்கிறது. இலங்கையில் தமிழ் அடித்த தலைமுறைக்குப் பாமினியைத் தெரியாமல் இருக்காது. ராகலை டவுனில் உள்ள கொமியுனிகேஷன் கடைகளுக்குத் தட்டச்சுக்குக் கொடுத்தால் இன்றும் பெரும்பாலும் பாமினியில்தான் கோப்பு வரும். அதில் ஒரு தந்திரம் இருக்கிறது. ஆங்கில எழுத்துக்களின் உருவத்தை எடுத்துவிட்டு, அந்த இடங்களில் தமிழ் எழுத்துக்களின் படத்தை வைத்திருக்கிறார்கள். u என்ற இடத்தில் ர, h என்ற இடத்தில் கால், f என்ற இடத்தில் க, y என்ற இடத்தில் ல. கணினி சேமித்து வைப்பது u, h, f, i, y என்ற ஐந்து ஆங்கில எழுத்துக்களைத்தான். பாமினி அவற்றுக்கு மேல் போட்ட முகமூடி. முகமூடி இல்லாத கணினிக்குப் போனால் உள்ளே இருப்பது வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். "இலங்கை" என்று அடித்தால் உள்ளே இருப்பது ",yq;if". ஒரு நாட்டின் பெயர் காற்புள்ளியில் தொடங்குகிறது!

இது பார்வைக்கு மட்டும் உள்ள குறை என்றால் நான் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். எக்செலில் வகுப்புப் பெயர்ப் பட்டியலைப் பாமினியில் அடித்து அகர வரிசைப்படுத்திப் பாருங்கள். அமீனா, கதீஜா, நஸ்ரின், பாத்திமா என்று நான்கு பெயர்கள் இருந்தால், வரிசை நஸ்ரின், கதீஜா, பாத்திமா, அமீனா என்று வரும். காரணம், கணினிக்கு ந என்பது e, க என்பது f, ப என்பது g, அ என்பது m. அது தன் ஆங்கில நெடுங்கணக்கின்படி சரியாகத்தான் அடுக்குகிறது. அமீனா கடைசியில் போவது யாருடைய பிழை? வகுப்பாசிரியைகள் இடாப்பைக் கையால் வரிசைப்படுத்துவதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு பெயரைத் தேடுவதும் அப்படித்தான். இணையத்தில் தேடினாலோ பாமினியில் அடித்த சொல்லுக்கு ஒரு விடையும் கிடைக்காது.

பெற்றோர் விடயம் இதைவிடப் பெரிது. கூட்ட அறிவித்தலைப் பாமினியில் அடித்து வேர்ட் கோப்பாகவே வட்ஸ்அப் குழுவுக்கு அனுப்புகிறோம். எந்தத் தாயின் கைத்தொலைபேசியிலும் பாமினி இல்லை. தோட்டத்து வீட்டில் இருந்து ஒரு தாய் என்னிடம், "மிஸ், இங்கிலீஷ்ல அனுப்பியிருந்தீங்க, எனக்கு வாசிக்கத் தெரியல, அதான் வரல" என்றார். நாங்கள் ஆங்கிலத்தில் அனுப்பவே இல்லை. அவருக்கு ஆங்கிலம் தெரிந்திருந்தாலும் அதை வாசித்திருக்க முடியாது. தமக்குத்தான் படிப்பில்லை என்று அவர் வெட்கப்பட்டார். அந்த வெட்கம் எங்களுடையது. பீ.டீ.எஃப். ஆக மாற்றி அனுப்பலாமே என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அனுப்பலாம், எழுத்துரு கோப்புக்குள்ளேயே போய்விடும், வாசிக்கலாம். ஆனால் அதில் இருந்து ஒரு வரியைப் பிரதியெடுத்து இன்னொருவருக்கு அனுப்பினால் மீண்டும் அதே கதைதான்.

இதற்கான தீர்வு புதியது அல்ல. யுனிகோட் தனது முதல் பதிப்பை 1991இல் வெளியிட்டபோதே தமிழுக்கு அதில் தனி இடம் ஒதுக்கப்பட்டது. அதில் ர என்பதற்கு ர என்றே ஓர் எண் உண்டு, க என்பதற்கு க என்றே ஓர் எண் உண்டு. எந்த ஆங்கில எழுத்தின் இடத்தையும் அது கடன் வாங்கவில்லை. 2008இல் இலங்கை கட்டளைகள் நிறுவனம் கணினித் தமிழுக்கென வெளியிட்ட SLS 1326 தரமும் யுனிகோடை அடிப்படையாகக் கொண்டதுதான். பிள்ளைகள் வீட்டில் தாயின் தொலைபேசியில் அடிக்கும் தமிழும் அதுவே. வீட்டில் சரியான தமிழ், பாடசாலையில் முகமூடித் தமிழ் என்று இருக்கிறோம்.

எனது கோரிக்கை இதுதான். ஆய்வுகூடத்தின் இருபதிலும், நூலகத்தில் உள்ள ஒன்றிலும், ஆசிரியர் ஓய்வறையிலும், அலுவலகத்திலும் யுனிகோட் தமிழ் விசைப்பலகை இருக்க வேண்டும். "எல்லாவற்றிலும்" என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான்கு கணினிகளில் மட்டும் தமிழ் இருந்தால், அந்த நான்குக்காகப் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். மற்றப் பதினாறில் ஆங்கிலத்திலேயே அடித்துப் பழகுவார்கள். நடந்துகொண்டிருப்பதும் அதுதான்.

பணம் கேட்கவில்லை. விண்டோஸ் 10இலும் அதற்குப் பிந்தியதிலும் தமிழ் விசைப்பலகை ஏற்கெனவே இருக்கிறது. `Settings` சென்று, `Time & language` என்பதில் தமிழை ஒரு மொழியாகச் சேர்த்தால் போதும். பின்னர் விண்டோஸ் விசையையும் இடைவெளி விசையையும் சேர்த்து அழுத்தினால் ஆங்கிலமும் தமிழும் மாறி மாறி வரும். எழுத்துருவும் வேண்டாம், `Nirmala UI` என்ற எழுத்துரு விண்டோஸுடனேயே வருகிறது. ஒரு சிக்கலை மட்டும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். நிர்வாகக் கணக்கில் நான் சேர்த்தால் அது மாணவியர் கணக்கில் தெரியாது, மொழி அமைப்பு ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனி. ஒவ்வொன்றிலும் உள்ளே போய்ச் சேர்க்க வேண்டும். ஒரு கணினிக்கு இருபது நிமிடம் என்று வைத்தாலும் ஆய்வுகூடத்துக்கு மூன்று பின்னேரங்கள் போதும், மின்வெட்டு வராவிட்டால்.

அலுவலகத்தில் பாமினியில் விரல் பழகியவர்கள் பயப்படுகிறார்கள். நியாயமான பயம். பல வருடப் பழக்கத்தை மாற்றச் சொல்ல எனக்கும் மனமில்லை. அவர்களுக்காக இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. அவற்றில் பாமினி விசைப்பலகையைத் தெரிவு செய்தால், விரல்கள் பழைய இடத்திலேயே அடிக்கும், கணினிக்குள் சேர்வது யுனிகோட் தமிழாக இருக்கும். மாணவியருக்கு எனது தெரிவு வேறு. அவர்களுக்கு ammaa என்று அடித்து அம்மா எடுக்கும் ஒலிபெயர்ப்பு முறை உடனே பிடித்துவிடும். எனக்கு அதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. தமிழ்ச் சொல்லை நினைக்க முன் அதன் ஆங்கில எழுத்துக் கூட்டலை நினைக்கிறார்கள். ந, ன, ண மூன்றும் n ஆகிவிடுகின்றன. தமிழ்99 முறையில் உயிரெழுத்துக்கள் இடக்கையிலும் மெய்கள் பெரும்பாலும் வலக்கையிலும் இருக்கும். ஒரே எழுத்தை இரண்டு முறை அடித்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். "அம்மா" என்பதற்கு நான்கு தட்டல், பாமினியில் ஐந்து. ஆறாம் வகுப்பில் இருந்து இதைப் பழக்கினால் நல்லது. ஆனால் இதை நான் பிடிவாதமாகக் கேட்கவில்லை. எந்த முறையில் அடித்தாலும் சேர்வது ஒரே தமிழ்தான் என்பதால் வகுப்பறையில் இது சண்டைக்குரிய விடயம் அல்ல.

பழைய கோப்புகளைப் பற்றியும் கேட்டீர்கள். ஒரு கோப்பு எந்த வகை என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. ஒரு வரியைத் தெரிவு செய்து எழுத்துருவை `Times New Roman` என்று மாற்றிப் பாருங்கள். ஆங்கில எழுத்தாக மாறினால் பாமினி, தமிழாகவே நின்றால் யுனிகோட். பாமினியை யுனிகோடாக மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன, ஆனால் அவற்றிடம் முழுக் கோப்பையும் கொடுத்துவிடக் கூடாது. வினாத்தாளின் நடுவில் உண்மையான ஆங்கிலச் சொல் இருந்தால் அதையும் பாமினி என்று எண்ணி மாற்றிவிடும். நான் ஒருமுறை மாற்றியபோது Grade என்பது "புசயனந" என்று வந்தது. நல்லவேளை, அச்சுக்குப் போக முன் கண்டுபிடித்தேன். ஆகவே தமிழ்ப் பகுதிகளை மட்டும் பிரித்து மாற்றி, ஒருவர் மூலத்தோடு வைத்து வாசித்துப் பார்க்க வேண்டும். எல்லாப் பழைய கோப்புகளையும் மாற்றத் தேவையில்லை. திரும்பத் திரும்பப் பாவிக்கும் கடித மாதிரிகள், இடாப்புகள், வினாத்தாள்கள் போதும்.

பாமினியை அழித்துவிடுங்கள் என்றும் நான் சொல்லவில்லை. இந்தச் சஞ்சிகையை அச்சிடுபவர்கள் இன்னும் பேஜ்மேக்கரில் பக்கம் அமைக்கிறார்கள். அந்த மென்பொருளுக்கு யுனிகோட் தெரியாது, ஒட்டினால் வரிசையாகக் கேள்விக்குறிகள்தான் வரும். அச்சகம் மாறும்வரை, கடைசிப் பிரதியை மட்டும் பாமினிக்கு மாற்றிக் கொடுப்போம். மூலப் பிரதி யுனிகோடில் எங்களிடம் இருக்கும்.

தங்களிடம் நான் கேட்பவை இரண்டு. கணினிகளின் நிர்வாகக் கடவுச்சொல்லைத் தவணை விடுமுறையின் முதல் மூன்று நாட்களுக்கு எனக்குத் தர வேண்டும். அடுத்து, புதிய தவணையில் இருந்து அலுவலகத்தில் இருந்து பெற்றோருக்குப் போகும் அறிவித்தல்கள் யுனிகோடிலேயே அடிக்கப்பட வேண்டும் என்று ஒரு வரி உத்தரவு தர வேண்டும்.

அந்தப் பத்தாம் வகுப்பு மாணவியின் கட்டுரையை நானே மாற்றிக் கொடுத்துவிட்டேன். அது இதே இதழில் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கணினி ஆய்வுகூட உதவியாளர்,
ராகலை.