மூன்றாம் நாள் என்றால் மூன்றாம் நாள்தான்

பொரளைச் சந்தியிலிருந்து சற்று உள்ளே, ஒரு தோட்டத்தின் வாசலில் உள்ள பலசரக்குக் கடைச் சுவரில் டெங்கு அறிவித்தல் ஒன்று ஒட்டியிருந்தது. யாரோ ஒரு இளைஞர் நீல மையில் கையால் எழுதி, முக்கியமான வரிகளின் கீழே சிவப்புக் கோடு போட்டிருந்தார். சிவப்புக் கோடு போட்ட வரிகளில் ஒன்று இது: "காய்ச்சல் மூன்று நாளைக்கு மேல் இருந்தால் இரத்தம் சோதிக்கவும்." சுகாதாரத் துறை சொல்வது இதுவல்ல. காய்ச்சல் விடவில்லையென்றால் மூன்றாம் நாளிலேயே முழு இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும், அதற்குப் பிந்தக்கூடாது என்பதே அதன் அறிவுரை.

இரண்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பவர்கள் நாட்காட்டியை எடுத்துப் பார்க்கட்டும். திங்கட்கிழமை காலையில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் தொடங்குகிறது. அதுதான் முதல் நாள். அறிவுரைப்படி புதன்கிழமை இரத்தம் எடுக்க வேண்டும். கடைச் சுவரை வாசித்த தாய் திங்கள், செவ்வாய், புதன் என்று மூன்று நாளையும் கழித்துவிட்டு வியாழனோ வெள்ளியோதான் புறப்படுவார். டெங்குவில் இரத்தக் குழாய்களிலிருந்து நீர்மம் கசியும் ஆபத்துக் கட்டம் மூன்றாம் நாளின் முடிவிலிருந்தே தொடங்கக்கூடும். "மேல்" என்ற ஒரு சொல்லால், கவனித்திருக்க வேண்டிய நேரமெல்லாம் வீட்டிலேயே போய்விடுகிறது.

சுருக்கி எழுதுவதை நாம் குறை சொல்லவில்லை. பல பக்கச் சுற்றறிக்கையைத் தோட்டத்து மக்கள் வாசிக்கப் போவதில்லை. பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலும் கோயில் அறிவித்தல் பலகையிலும் வாட்ஸ்அப் குழுவிலும் அரைப்பக்கந்தான் செல்லும். 2017ஆம் ஆண்டு இந்நாட்டில் 186,000 பேருக்கு மேல் டெங்கு பதிவானது. அந்த ஆண்டு ஜூலை முதல் வாரம் வரை பதிவானவர்களில் 43 சதவீதம் பேர் மேல் மாகாணத்தவர். மாவட்டங்களில் கொழும்பே முதலிடம். அப்படியொரு நேரத்தில் அரைப்பக்கம் எழுதிக் கொடுப்பவர் ஊருக்கு நன்மை செய்கிறார். ஆனால் எதை வெட்டலாம், எதில் கை வைக்கக்கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். முன்னுரை, அமைச்சின் பெயர், நோயின் வரலாறு, நுளம்பின் குலங்கோத்திரம் எல்லாவற்றையும் தாராளமாக வெட்டலாம். நாட்கணக்கு, மணிக்கணக்கு, அளவு, மருந்தின் பெயர், ஆபத்தின் அடையாளம் இவை மட்டும் மூலத்தில் உள்ளபடியே வர வேண்டும்.

மருந்தை எடுத்துக்கொள்வோம். "வலி மாத்திரை வேண்டாம்" என்று சுருக்கினால், சிலர் பரசிட்டமோலையும் வலி மாத்திரை என்று நினைத்து நிறுத்திவிடுவார்கள். வேறு சிலர் டைக்ளோபெனாக்கைக் காய்ச்சல் மருந்து என்று நினைத்துக் கொடுத்துவிடுவார்கள். ஆகவே பெயர் சொல்லித்தான் எழுத வேண்டும். அஸ்பிரின், ஐபுபுரோபன், டைக்ளோபெனாக், மெபனமிக் அசிட் ஆகியவை கூடாது. மாத்திரையாகவும் கூடாது, பாணியாகவும் கூடாது, பிள்ளைகளுக்குப் பின்வழியாக வைக்கும் மருந்தாகவும் கூடாது. இவை வயிற்றில் இரத்தப்போக்கை உண்டாக்கக்கூடியவை. கொடுக்கக்கூடியது பரசிட்டமோல் மட்டுமே. வளர்ந்தவருக்கு 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு முறை, நாளொன்றுக்கு நான்கு முறைக்கு மேற்படாமல். பிள்ளைக்கு எவ்வளவு என்பது உடல் எடையைப் பொறுத்தது. அதை வைத்தியர் சொல்ல வேண்டும். காய்ச்சல் குறையவில்லையே என்று இடையில் இன்னொரு வேளை கொடுப்பதுதான் வீடுகளில் நடக்கும் தவறு. "ஆறு மணித்தியாலம்" என்ற சொல் சுருக்கத்தில் விடுபட்டால் அந்தத் தவறுக்கு நாமே இடம் கொடுத்தவர்களாவோம்.

"நிறையத் தண்ணீர் குடிக்கவும்" என்பதும் இப்படித்தான். கஞ்சி, ஜீவனி, இளநீர், பழச்சாறு என்று உப்பும் சத்தும் உள்ள நீராகாரமே தேவை. வெறுந்தண்ணீர் மட்டும் போதாது. சிவப்பு, கபில நிறப் பானங்களைத் தவிர்க்க வேண்டும், ஏனென்றால் வாந்தியில் இரத்தம் கலந்திருந்தால் அது தெரியாமல் போகும். கசிவு தொடங்கிவிட்ட ஒருவருக்கு அளவுக்கு மிஞ்சிக் கொடுக்கும் நீர் நெஞ்சிலும் வயிற்றிலும் தேங்கும். ஆகவே அந்தக் கட்டத்தில் எவ்வளவு குடிப்பது என்பதை வைத்தியசாலைதான் தீர்மானிக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் மோசமாகச் சிதைவது ஆபத்தின் அடையாளங்கள். "காய்ச்சல் விட்டால் பயமில்லை" என்று எழுதிய துண்டுகளையும் பார்த்திருக்கிறோம். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் வேளைதான் கவனமாக இருக்க வேண்டிய வேளை. கசிவு அப்போதே தொடங்கி 24 முதல் 48 மணித்தியாலம் வரை நீடிக்கும். பிள்ளை தெளிவாகப் பேசிக்கொண்டே இருக்கும், கை கால் மட்டும் குளிர்ந்திருக்கும். அதைத் தொட்டுப் பார்த்த தாய்க்கு அது நல்ல அடையாளமாகத் தோன்றக்கூடும். கடுமையான வயிற்று வலி, நிற்காத வாந்தி, மூக்கு அல்லது முரசிலிருந்து இரத்தம், கறுப்பு மலம், வழக்கத்தைவிட அதிகமான மாதவிடாய்ப் போக்கு, அசதி அல்லது அமைதியின்மை, குளிர்ந்த கை கால், ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் கழியாமை: இவற்றில் ஒன்று கண்டாலும் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். இதை "உடல்நிலை மோசமானால்" என்று சுருக்கினால், எது மோசம் என்பதை ஒவ்வொரு வீடும் தனக்குத் தெரிந்தபடி முடிவு செய்யும். கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், முதியோர், நீரிழிவு உள்ளவர்கள் மூன்றாம் நாளுக்குக் காத்திருக்காமல் முன்னரே வைத்தியரைக் காண வேண்டும் என்ற வரியும் விடுபடக்கூடாது.

தடுப்பிலும் அதே கதை. "சுற்றுப்புறத்தைச் சுத்தமாக வைத்திருங்கள்" என்றால் மக்கள் முற்றத்தைக் கூட்டுவார்கள். டெங்கு நுளம்பு முட்டையிடுவது நீர் தேங்கிய பாத்திரத்தின் உட்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே. தண்ணீரை ஊற்றிவிட்டாலும் முட்டை அங்கேயே ஒட்டியிருக்கும்; காய்ந்து பல மாதம் கிடந்தாலும் அடுத்த மழையில் பொரிக்கும். முட்டை நுளம்பாக ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். அதனால்தான் "வாரம் ஒரு முறை, தேய்த்துக் கழுவி" என்று அறிவுரை சொல்கிறது. பூச்சாடி, குளிர்சாதனப்பெட்டியின் பின்தட்டு, அடைபட்ட பீலி, மூடாத தொட்டி என்று பெயர் சொல்லி எழுதினால், வாசித்தவரின் கை தானாக அங்கே போகும். கனத்தை மயானத்தில் பூச்சாடி வைத்துவிட்டு வருபவர்களுக்கும் இது பொருந்தும்.

சிறுவர் வைத்தியசாலையும் மருத்துவ ஆராய்ச்சி நிறுவகமும் பொரளையிலேயே இருக்கின்றன. இவற்றின் மதிலோரத்தில் வாழும் மக்கள் பிழையான துண்டை வாசிப்பது வெட்கக்கேடு. சுருக்கும் பொறுப்பை இளைஞர்களின் தலையில் விட்டுவிட்டுப் பின்னர் பிழை பிடிப்பதும் நியாயமில்லை. மாநகரசபையின் பொதுச் சுகாதாரப் பகுதி ஒவ்வொரு பரவலின் தொடக்கத்திலும் அரைப்பக்கச் சுருக்கத்தைத் தானே தமிழில் எழுதி, திகதியிட்டு, பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் தொலைபேசி இலக்கத்துடன் வெளியிட வேண்டும். சிங்களத்திலிருந்து அவசரமாகப் பெயர்த்த வாசகம் போதாது. தமிழ் தெரிந்த வைத்தியர் ஒருவர் வரிவரியாகச் சரிபார்த்த வாசகம் வேண்டும்.

அது வரும்வரை, கையால் எழுதி ஒட்டுபவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒட்டுவதற்கு முன் இன்னொருவரை அழைத்து மூல அறிக்கையைக் கையில் கொடுங்கள். உங்கள் துண்டை நீங்கள் உரத்து வாசியுங்கள். ஒவ்வொரு எண்ணிலும் ஒவ்வொரு மருந்துப் பெயரிலும் அவர் விரல் வைத்துப் பார்க்கட்டும். பழைய துண்டு சுவரில் இருந்தால் அதைக் கிழித்துவிட்டு ஒட்டுங்கள்.