ஜக் சரியேக்க கட் பண்ணுங்கோ

போன எபிசோடில் ஃபோன் எடிட்டிங் ஆப்களைப் பற்றிக் கதைக்கேக்க, "ட்ரான்சிஷன் எஃபெக்ட் எல்லாத்தையும் தூக்கி எறியுங்கோ" என்று சொல்லியிருந்தேன். கொஞ்சப் பேர் கோபமாக எழுதியிருந்தீங்கள். நியாயம்தான், காரணத்தைச் சொல்லாமல் விட்டது என் பிழை. இந்த வாரம் சொல்லுறன். காரணம் எங்கட வீட்டுக் குசினியில் இருக்கு.

ஒருத்தர் கதவைத் திறக்கிறார், அல்லது தேத்தண்ணி ஊத்துகிறார். தூரத்து ஷாட்டில் இருந்து க்ளோஸ்-அப்புக்குப் போக வேணும். அசைவு தொடங்க முதலோ, முடிந்த பிறகோ கட் பண்ணினால் அந்த கட் கண்ணில் குத்தும். அசைவின் நடுவில் பண்ணினால் கண் அசைவோடு போய்விடும், கட்டைக் கவனிக்காது. இது எடிட்டர்மாரின் நம்பிக்கை மட்டும் இல்லை. 2008இல் டிம் ஸ்மித், ஜோன் ஹெண்டர்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஆக்களுக்குப் படத் துண்டுகளைக் காட்டி, கட் வரும்போதெல்லாம் பட்டனை அமத்தச் சொன்னார்கள். அசைவின் நடுவில் விழுந்த கட்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை அவர்கள் தவறவிட்டார்கள். கட்டைத் தேடுறதே வேலை என்று இருந்தவர்களுக்கே அந்த நிலைமை!

இனி குசினிக்கு வருவம். எங்கட அம்மம்மா பின்னேரம் நாலு மணிக்குத் தேத்தண்ணி போடுவா. ஆத்தி முடித்து, சில்வர் ஜக்கில இருந்து கப்புகளுக்கு ஊத்துவா. அவவைப் பற்றி ஒரு சின்னப் படம் எடுக்க வேணும் என்று கனநாள் ஆசை. கை நடுக்கம் தொடங்கியிருக்கு, அதனால இந்த வருஷமே எடுத்திட வேணும் என்று முடிவெடுத்தேன். என்னிடம் இருந்தது ஒரே ஒரு கமெரா, வினாடிக்கு 25 ஃப்ரேம்.

முதல் நாள் வாசலில் நின்று தூரத்து ஷாட்டை எடுத்தேன். அருமையா வந்தது. உடனே கமெராவை மேசைக்குக் கிட்டக் கொண்டுபோய் வைத்து, "அம்மம்மா, இன்னொருக்கா ஊத்துங்கோ" என்றேன்.

"என்ன பிள்ளை, ஊத்தினதைத் திரும்ப ஜக்கில விட்டு ஊத்தச் சொல்லுறியோ?"

சிரிச்சுக்கொண்டே ஊத்தினா. ஆனா அவவுக்கு வலப் பக்கத்தில் நான் நின்றபடியால் ஜக்கை இடக் கையில் எடுத்திருக்கிறா. எடிட் பண்ண இருக்கேக்கதான் கண்டேன். ஒரு ஷாட்டில் வலக் கை, அடுத்ததில் இடக் கை. படத்தை இடம் வலமாத் திருப்பிப் பார்த்தேன். கை சரியாயிட்டுது, ஆனா பின்னால இருந்த சீனி டின்னில் எழுத்துகள் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி மாறிப்போச்சு. கடைசியா, ஆப்பில் கிடந்த ஒரு ஸூம் எஃபெக்டை நடுவில் போட்டு மூடினேன். அதைத்தான் தூக்கி எறியச் சொல்லுறன். அந்த எஃபெக்ட் "இங்க ஏதோ மாறிட்டுது" என்று பார்க்கிறவருக்குச் சொல்லுது. உண்மையில் ஒன்றும் மாறவில்லை. அதே குசினி, அதே தேத்தண்ணி, அதே மனுசி.

கையை விட்டாலும் இன்னொரு பிழை இருந்தது. க்ளோஸ்-அப்பை ஜக் சரிந்து நிற்கிற இடத்தில் இருந்துதான் நான் தொடங்கியிருந்தேன். பொருத்துறதுக்கு அசைவே இல்லை. இதை எடிட்டில் சரிசெய்ய ஏலாது. க்ளோஸ்-அப் எடுக்கேக்கயும் மேசையில் இருந்து ஜக்கைத் தூக்குறதில் தொடங்கி, திரும்ப வைக்கும் வரைக்கும் முழுதாக எடுக்க வேணும். பாவிக்கப் போறது மூன்று வினாடிதான் என்றாலும் அப்படித்தான்.

எந்த இடத்தில் கட் பண்ணுறது? என்ட அனுபவத்தில், இரண்டு ஷாட்டிலும் ஜக் தெரிகிற இடமாக இருக்க வேணும். ஜக் சரியத் தொடங்கி மூன்றில் ஒரு பங்கு போனதும், தேத்தண்ணி விழ முதல். தூரத்து ஷாட்டில் சரிவு தொடங்குது, கிட்டத்து ஷாட்டில் முடியுது, அதுக்குப் பிறகு தேத்தண்ணி விழுகிறதைக் கிட்ட நின்று பார்க்கிறம்.

இதில் எல்லாரும் வழுக்குகிற ஒரு இடம் இருக்கு. டைம்லைனில் ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்தி, இரண்டு ஷாட்டிலும் ஜக்கின் சரிவை அச்சொட்டாகப் பொருத்துவம். பிறகு ஓடவிட்டுப் பார்த்தால், நடுவில் ஏதோ விழுந்து போன மாதிரி ஒரு துள்ளல். கட் விழுந்ததும் புதுப் படத்தில் எதைப் பார்க்கிறது என்று கண் தேடும். அந்தக் கணத்தில் நடந்த அசைவு அதுக்குத் தவறிப்போகும். எட்வர்ட் டிமிட்ரிக் எடிட்டராக இருந்து இயக்குநர் ஆனவர். எடிட்டிங் பற்றி அவர் எழுதிய புத்தகத்தில் இதுக்கு ஒரு வழி சொல்லுகிறார். இரண்டாவது ஷாட்டைச் சில ஃப்ரேம் முன்னுக்கே தொடங்கி, அசைவின் ஒரு துளியைத் திரும்பக் காட்ட வேணும். எனக்கு 3 ஃப்ரேம் போதுமாக இருந்தது. 25 ஃப்ரேம் கணக்கில் அது 120 மில்லி செக்கன். கணக்கில் பிழை, கண்ணுக்குச் சரி. அதனால நிறுத்திப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீங்கோ. சத்தத்தை அமத்திவிட்டு, ஐந்து வினாடி முன்னால இருந்து முழு வேகத்தில் ஓடவிடுங்கோ.

சத்தத்தையும் இரண்டாக வெட்டக் கூடாது. க்ளோஸ்-அப்பில் பதிந்த ஊத்துற சத்தத்தை இரண்டு ஷாட்டுக்கும் அடியில் ஒரே நீளமாக விட்டேன். கட்டைப் பாதி மறைத்தது அதுதான்.

சரி, கை விஷயம்? இங்கதான் வழக்கமாகச் சொல்லித் தாறதோட எனக்கு உடன்பாடு இல்லை. "திரும்பச் செய்யச் சொல்லி, கோணம் கோணமாக எடு" என்பார்கள். நடிகருக்குச் சரி. எந்த வசனத்தில் எந்தக் கையால கப்பைத் தூக்கினது என்று ஞாபகம் வைக்கிறது அவரின் தொழிலில் ஒரு பகுதி. அம்மம்மாவிடம் "இன்னொருக்கா" என்ற உடனே அவ தேத்தண்ணி ஊத்துறதை விட்டிட்டு, தேத்தண்ணி ஊத்திக் காட்டத் தொடங்கிட்டா. வேகம் குறைஞ்சுது, கண் கமெராவுக்குப் போச்சுது.

பேசாமல் அடுத்த நாள் நாலு மணிக்கு முதலே கமெராவைக் கப்புக்குக் கிட்ட வைத்திட்டு, அவவின் வலக் கைக்கு இடம் விட்டுத் தள்ளி நின்றேன். ஒன்றும் சொல்லவில்லை. அதே வலக் கை, அதே உயரம், அதே மணிக்கட்டுத் திருப்பம். தூக்கினதில் இருந்து தேத்தண்ணி விழும் வரைக்கும் இரண்டு நாளுக்கும் இடையில் 2 ஃப்ரேம்தான் வித்தியாசம். அறுபது வருஷப் பழக்கம், நான் வைத்திருந்த எந்தக் குறிப்பையும் விடத் துல்லியம். வீட்டு ஆக்களைப் படம் எடுக்கிறவை ஒரே நாளில் நாலு டேக் கேட்காமல், நாலு நாள் வந்து ஒவ்வொரு டேக் எடுங்கோ.

இதுக்கும் விலை இருக்கு. அந்த இரண்டாம் நாள் அவ மண்ணிறக் கார்டிகன் போட்டிருந்தா, முதல் நாள் நீலம். அந்த நாள் வீண். மூன்றாம் நாள் காலமை நீலத்தை எடுத்துக் கதிரையில் போட்டு வைத்தேன். அன்றைக்கு வெளியில் மழை இருட்டு, க்ளோஸ்-அப் நீலம் பாய்ந்து வந்தது. கலரைக் கொஞ்சம் சூடாக்கித்தான் பொருத்த முடிஞ்சுது. கப்பில் தேத்தண்ணி மட்டமும் துளி வித்தியாசம், அதை விட்டிட்டேன். எடிட்டர் வோல்டர் மேர்ச் ஒரு கட்டைத் தீர்மானிக்கிற ஆறு விஷயங்களை வரிசைப்படுத்தி எடை போட்டிருக்கிறார். உணர்ச்சிக்கு 51 வீதம். இட ஒழுங்கு சரியா என்கிறது கடைசி, 4 வீதம்.

படத்தில் இன்னொரு கப்பும் இருக்கு, மாமாவுக்கு ஊத்துறது. அந்த நேரம் பின்னால இருந்து அவர் ஏதோ பகிடி விட, அம்மம்மா ஜக்கை அந்தரத்தில் பிடித்தபடி குலுங்கிச் சிரிக்கிறா. அதுக்குப் பொருந்துற க்ளோஸ்-அப் என்னட்ட நாலு கிடந்தது, எல்லாம் வடிவானது. பிடித்த ஜக் அசையும் வரைக்கும் ஒன்பது வினாடி, தூரத்து ஷாட்டிலேயே நின்றேன்.