சரிவுக்குக் காப்பீடு: யாருக்குப் பொருந்தும்?

சந்தை சரியும் என்று அஞ்சும் மாதச் சம்பளக்காரருக்கு இன்று தாராளமாக வழங்கப்படும் அறிவுரை, ‘நிஃப்டி புட் ஆப்ஷன் வாங்கிக் காத்துக்கொள்ளுங்கள்’ என்பது. அது எல்லார்க்கும் பொருந்தாது.

மாட்டுங்காவில் ஒருவர் நிஃப்டி குறியீட்டு நிதியில் 18 லட்சம் வைத்திருக்கிறார் எனக் கொள்க. நிஃப்டி 24,000, 2025இல் இருந்தபடி ஒரு லாட் 75 அலகுகள். ஆகவே ஒரு லாட்டின் மதிப்பும் 18 லட்சமே. 22,800 விலையில் விற்கும் உரிமையை, மூன்று மாதத்திற்கு, அலகுக்கு 200 ரூபாய் பிரீமியத்தில் வாங்குகிறார், செலவு 15,000. முடிவு நாளில் நிஃப்டி 20,400 எனில் முதலீட்டில் இழப்பு 2,70,000. புட் திருப்பித் தருவது 1,80,000. பிரீமியத்தையும் சேர்த்து நிகர இழப்பு 1,05,000. காப்பீடு தன் வேலையைச் செய்தது.

செம்பூரில் மற்றொருவரிடம் இருப்பது 6 லட்சமே. அரை லாட் கிடையாது. 2024 நவம்பரில் செபி ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச மதிப்பை 15 லட்சமாக உயர்த்தியது. அவரும் அதே 15,000 கட்ட வேண்டும். ஆண்டுக்கு நான்கு முறை எனில் 60,000. அதாவது முதலீட்டில் 10 விழுக்காடு. தம்மிடம் உள்ளதைப்போல் மூன்று மடங்குக்குக் காப்பீடு எடுப்பது காப்பல்ல, சரிவின் மீது கட்டும் பந்தயம்.

அச்சம் பரவியபின் வாங்கினால் பிரீமியம் இன்னும் ஏறியிருக்கும். செம்பூர்க்காரர் இரண்டு லட்சத்தை வைப்புநிதிக்கு மாற்றுவதே தக்கது.