முதலில் பாருங்கள், பிறகு தடுங்கள்



போன தேங்க்ஸ்கிவிங் லீவுக்கு நியூ ஜெர்சி வீட்டுக்குப் போயிருந்தேன். நம்முடைய ஞாயிற்றுக்கிழமை ஜூம் கூட்டத்தை, லேப்டாப்பில் எச்டிஎம்ஐ கேபிள் மாட்டி, ஹால் டிவியில் போட்டுப் பார்த்தேன். கூட்டம் முடிந்ததும் வீட்டு டிஎன்எஸ் பதிவைத் திறந்தேன். அந்த ஒரு மணி நேரமும் டிவி சும்மா இருக்கவில்லை. நான் பார்த்தது லேப்டாப்பின் திரையை. டிவி விசாரித்துக்கொண்டிருந்ததோ வேறு சில முகவரிகளை. அதில் ஒன்றின் பெயருக்குள்ளேயே acr என்ற மூன்று எழுத்து இருந்தது.

ஏசிஆர் என்றால், திரையில் ஓடுவது என்ன என்று டிவியே கண்டுபிடிக்கும் முறை. சிறு இடைவெளிகளில் படத்திலிருந்தோ ஒலியிலிருந்தோ ஒரு கைரேகை மாதிரி எடுத்து, கம்பெனி சர்வருக்கு அனுப்பி, அங்கே இருக்கும் கைரேகைகளோடு ஒப்பிடுவார்கள். நம் கூட்டத்தின் கைரேகை அங்கே எதோடும் பொருந்தாது. ஆகவே “நம்ம பேசினதெல்லாம் போயிடுச்சு” என்று பதற வேண்டாம். ஆனால் அனுப்பலாமா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை, அப்பாவையும் கேட்கவில்லை. டிவி வாங்கிய அன்று ரிமோட்டில் ஓகே, ஓகே என்று அழுத்தியதுதான் அவருடைய “சம்மதம்”.

இது புதுக் கதை இல்லை. 2017 பிப்ரவரியில் ஃபெடரல் டிரேட் கமிஷனும் நியூ ஜெர்சி மாநிலமும் சேர்ந்து விசியோ கம்பெனி மீது வழக்குப் போட்டன. 2014இலிருந்து 1 கோடியே 10 லட்சம் டிவிகளிலிருந்து, கேபிள், டிவிடி, ஆன்டெனா என எது ஓடினாலும், நொடிக்கு நொடி தகவல் எடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. வயது, வருமானம், கல்யாணமானவரா, சொந்த வீடா போன்ற விவரங்களை அதோடு சேர்த்து விற்க வழி செய்தார்கள் என்றும் சொன்னது வழக்கு. அந்த வசதிக்கு அவர்கள் வைத்த பெயர் ‘ஸ்மார்ட் இன்டராக்டிவிட்டி’. 22 லட்சம் டாலரில் சமரசம் முடிந்தது. டிவி ஒன்றுக்குக் கணக்குப் போட்டால் 20 சென்ட். 2024 டிசம்பரில் வால்மார்ட் இதே கம்பெனியை சுமார் 230 கோடி டாலருக்கு வாங்கியது. அந்த விலை கண்ணாடிக்கும் பிளாஸ்டிக்குக்கும் மட்டும் கொடுத்தது இல்லை.

நம்மில் பலர் உடனே செய்வது, ஒரு ராஸ்பெர்ரி பையில் பை-ஹோல் போட்டு, இணையத்தில் கிடைக்கும் தடைப்பட்டியலை ஏற்றி, “முடிஞ்சுது” என்று தூங்கப் போவது. இங்கேதான் நான் மாறுபடுகிறேன். முதல் நாளே தடுத்துவிட்டால், டிவி என்ன செய்துகொண்டிருந்தது என்பதற்கான சாட்சியை நாமே அழித்துவிடுகிறோம்.

நான் செய்த வரிசையைச் சொல்கிறேன். ரவுட்டரில் டிவிக்கு ஒரு நிலையான முகவரி கொடுத்தேன்; 192.168.1.50 என்று வைத்துக்கொள்வோம். ரவுட்டர் வீட்டுக் கருவிகளுக்குச் சொல்லும் டிஎன்எஸ் சர்வராக பை-ஹோலைப் போட்டேன். எந்தத் தடைப்பட்டியலும் போடவில்லை. பிறகு பையில் இந்த ஒரு வரி:

```
sudo tail -f /var/log/pihole/pihole.log | grep "from 192.168.1.50"
```

டிவி எந்தப் பெயரை விசாரித்தாலும் அது இங்கே ஒரு வரியாக வந்து விழும். மூன்று நிலைகளில் அரை அரை மணி நேரம் பார்த்தேன்: டிவி ஆன், ஆனால் முகப்புத் திரை மட்டும், யூடியூப் ஆப்பில் அம்மாவின் சமையல் வீடியோ, எச்டிஎம்ஐயில் லேப்டாப். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது எதற்கு என்று தானே பிரிந்துவிடும். acr பெயர் மூன்றாவது நிலையில்தான் வந்தது. 2024இல் யூசி டேவிஸ், லண்டன் யூசிஎல், மாட்ரிட் கார்லோஸ் III பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சாம்சங், எல்ஜி டிவிகளை அளந்தபோதும் இதே வடிவம்தான் தெரிந்தது: ஆன்டெனாவிலும் எச்டிஎம்ஐயிலும் ஏசிஆர் ஓடுகிறது, நெட்ஃப்ளிக்ஸ், யூடியூப் ஆப்களில் ஓடுவதில்லை.

அடுத்து, டிவியின் அமைப்புகளுக்குள் போய் “பார்க்கும் தகவல்” என்ற மாதிரி பெயரில் ஒளிந்திருக்கும் சம்மதத்தை எடுத்துவிட்டேன். மறுபடி அதே மூன்று அரை மணி. அந்த ஆய்வில், சம்மதத்தை எடுத்ததும் ஏசிஆர் போக்குவரத்து நின்றது. என் வீட்டிலும் அந்தப் பெயர் மறைந்தது. மறையாமல் இருந்திருந்தால் அதுதான் பெரிய செய்தி. 2013இல் பிரிட்டனில் ஒருவர் தன் எல்ஜி டிவியில் சேகரிப்பை அணைத்த பிறகும், யுஎஸ்பியில் இருந்த கோப்புப் பெயர்கள்கூட வெளியே போவதைப் பிடித்தார். அவர் முதலில் பார்த்ததால்தான் பிடிக்க முடிந்தது.

இதற்குப் பிறகுதான் தடை. மிச்சமிருந்த விளம்பர, பதிவுப் பெயர்களை ஒவ்வொன்றாக, ஒரு நாளைக்கு ஒன்றாகத் தடுத்தேன். மொத்தமாகத் தடுத்தால் ஆப் ஒன்று திறக்காதபோது எது காரணம் என்று தெரியாது, அப்பா ரிமோட்டைத் தூக்கிக்கொண்டு “ஏம்மா, என்ன பண்ணி வச்சிருக்கே?” என்று வருவார். தடுத்த பிறகு அதே பெயர் நூற்றுக்கணக்கில் குவிந்தால் பயப்படாதீர்கள். பதில் கிடைக்காததால் டிவி திரும்பத் திரும்பக் கேட்கிறது, அவ்வளவுதான். அந்த எண்ணிக்கை உளவின் அளவு இல்லை.

ஏமாறக்கூடிய இடம் ஒன்று உண்டு. பதிவில் டிவியின் வரிகள் சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால், அது நல்ல டிவி என்று அர்த்தமில்லை. வேறு வழியில் விசாரித்துக்கொண்டிருக்கலாம். சில கருவிகள் 8.8.8.8 போன்ற முகவரியை உள்ளேயே எழுதி வைத்திருக்கும். அல்லது இணையக் கம்பெனி கொடுத்த ரவுட்டர் ஐபிவி6 வழியாகத் தன்னுடைய டிஎன்எஸ்ஸைச் சத்தமில்லாமல் கொடுத்துக்கொண்டிருக்கும். முதலாவதற்கு, ரவுட்டர் ஃபயர்வாலில் டிவியின் முகவரியிலிருந்து 53, 853 போர்ட்டுகள் வெளியே போகாமல் அடையுங்கள். இரண்டாவதற்கு, ரவுட்டரின் ஐபிவி6 டிஎன்எஸ்ஸையும் பை-ஹோலுக்குத் திருப்பி, பதிவில் டிவியின் ஐபிவி6 முகவரியையும் தேடுங்கள். முடியாவிட்டால் ஐபிவி6ஐ அணையுங்கள். 443 போர்ட்டில் மறைத்துக் கேட்டால் இந்த முறையால் முழுசாகப் பிடிக்க முடியாது. அந்த டிவிக்கு வைஃபை பாஸ்வேர்டையே கொடுக்காமல் இருப்பதுதான் வழி.

சரி, சாட்சி எதற்கு? நான் தடுத்தது ஒரு வீட்டை. அதற்கு ரவுட்டரைத் தொடும் உரிமை, ஒரு வார லீவு, இரண்டும் தேவைப்பட்டன. வாடகையோடு வைஃபையும் சேர்த்துக் கொடுக்கும் வீட்டில், எட்டுப் பேர் தங்கியிருக்கும் எடிசன் அப்பார்ட்மென்டில், யார் ரவுட்டரைத் திறக்க விடுவார்கள்? ஆனால் கலிஃபோர்னியா, டெக்சாஸ், 2025 ஜனவரியிலிருந்து நியூ ஜெர்சி, மூன்றிலும் தகவல் விற்பனையையும் இலக்கு விளம்பரத்தையும் மறுக்கும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. 2025 டிசம்பரில் டெக்சாஸ் அட்டர்னி ஜெனரல் பாக்ஸ்டன் ஏசிஆருக்காக ஐந்து டிவி கம்பெனிகள் மீது வழக்குப் போட்டார். அவர் நம் நண்பர் இல்லை. அந்த வழக்கை அவர் கையில் மட்டும் விட்டுவைப்பதும் சரியில்லை.

மறுத்த பிறகும் போகிறது என்று தேதியோடும் நேரத்தோடும் காட்டும் ஒரு பதிவு, மாநில நுகர்வோர் அலுவலகத்துக்குப் போகும் புகாரில் ஒட்டக்கூடிய காகிதம். அடுத்த லீவுக்கு வீட்டுக்குப் போகும்போது ஒரு ராஸ்பெர்ரி பையை எடுத்துப் போங்கள். முதல் வாரம் எதையும் தடுக்காதீர்கள். கிடைத்த பதிவில் வீட்டு முகவரி, பெயர் எல்லாம் எடுத்துவிட்டு நம் குழுவுக்கு அனுப்புங்கள். பத்து வீட்டுப் பதிவுகள் சேர்ந்தால் அது புகார். ஒரு வீட்டுத் தடை என் நிம்மதி மட்டும்தான்.